வேம்புலி கையெழுத்துப் போட மறுத்த தாள்

வேம்புலியைப் பற்றி எழுத வேண்டும் என்றால் முதலில் எட்டாம் நம்பர் ஸ்லைடைத் திட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். அந்த ஸ்லைடைப் பதினான்கு மாதம் மாதாமாதம் தயாரித்தவள் நான்தான். அதனால் திட்டில் பாதி எனக்கும் சேரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. வண்டிகளுக்குப் போகும் புஷ், சீல், இன்ஜின் மவுண்டிங் எல்லாம் பிரஸ்ஸில் வேகவைத்து எடுப்போம். நான் ரோஸி, குவாலிட்டி ஆபீசில் டைப்பிஸ்ட். கம்ப்யூட்டர் வந்ததும் டைப்பிஸ்ட் என்ற பெயர் போய் ஆபரேட்டர் ஆனேன், வேலை மட்டும் இரண்டு மடங்கானது. மாதக் கடைசியில் பதினான்கு ஸ்லைடு போட வேண்டும். கண்ணாடித் தாளில் பிரின்ட் எடுத்து, நல்ல நம்பருக்குப் பச்சை மார்க்கர், கெட்ட நம்பருக்குச் சிவப்பு மார்க்கர் அடித்து, பிளான்ட் மேனேஜர் ராஜசேகரன் சாரிடம் கொடுத்தால், அவர் புரொஜெக்டரில் வைத்துச் சுவரில் காட்டிக் கத்துவார். இதற்குப் பெயர் ரிவ்யூ.

எட்டாம் ஸ்லைடு ரிஜெக்‌ஷன். நூறு பீஸில் எத்தனை கழிவாகப் போகிறது என்ற கணக்கு. மூன்றுக்குக் கீழே இருந்தால் பச்சை, மேலே போனால் சிவப்பு. காலை ஷிப்ட் எப்போதும் 2.8, பச்சை. மதிய ஷிப்ட் எப்போதும் ஐந்துக்கு மேல், சிவப்பு. அந்த மதிய ஷிப்ட்டின் சூப்பர்வைசர்தான் வேம்புலி.

அயனம்பாக்கத்துக்காரர். அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். இவர் எழுபத்தொன்பதில் ரப்பர் ஷீட் தூக்கும் ஹெல்பராக உள்ளே வந்து, பதினாறு வருஷம் கழித்து சூப்பர்வைசர் நாற்காலிக்கு வந்தார். கரிப்பொடி ஏறிய நகம், எந்த சோப்புக்கும் அசையாது. சூடான பீஸின் ஓரத்தில் அந்தக் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்து, "வேகல, இன்னொரு நிமிஷம் உடு" என்பார். மீட்டர் வைத்துப் பார்த்தால் அதுதான் சரியாக இருக்கும். அப்படிப்பட்ட ஆளை மாதாமாதம் சுவரில் சிவப்பாகக் காட்டினோம்.

காலை ஷிப்ட் சூப்பர்வைசர் துலுக்கானம் யாரோ இல்லை, வேம்புலியின் பெண்டாட்டி தாயம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருவேற்காடு கோவிலில் எதிரே பார்த்தால்கூட "இன்னா மாப்ள, இந்த மாசமும் செவப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் திருநீறு எடுப்பார். விளையாட்டுக்குத்தான். அந்த விளையாட்டு வேம்புலி வீட்டுக்குள் சோற்றுத் தட்டு வரை போனது. தாயம்மாவே ஒருநாள், "எங்கண்ணன் கீறாரே, அவராண்ட கேட்டுக் கத்துக்கயேன்" என்றாளாம். அன்றைக்கு இவர் சாப்பிடாமல் வேலைக்கு வந்தார்.

தொண்ணூற்றேழு ஆடியில் ராஜசேகரன் சார் வேம்புலிக்கு மெமோ கொடுத்தார். ஸ்லைடு பச்சையாகவில்லை என்றால் சூப்பர்வைசர் பதவி கிடையாது, மறுபடி பிரஸ் ஆளாக நிற்க வேண்டும் என்று. அதை டைப் அடித்ததும் நான்தான். வேம்புலி பயந்தார். பயந்த மனுஷன் கையில் கிடைத்ததை எடுத்து முன்னால் தள்ளுவான். இவர் தள்ளியது நாகப்பனை.

நாகப்பன் நான்காம் நம்பர் பிரஸ்ஸில் நின்றவன், திருமழிசைக்காரன், சின்னப் பையன் இல்லை, பிள்ளைகுட்டிக்காரன், கான்ட்ராக்ட் ஆள். மதிய ஷிப்ட்டில் அவன் பிரஸ்ஸில்தான் கழிவு அதிகம் என்று எட்டாம் ஸ்லைடின் அடிக்கட்டம் சொன்னது. "வேலையில் கவனம் இல்லை" என்று வேம்புலியே தன் கையால் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நாகப்பன் போகிற அன்றைக்கு என் ஆபீஸ் வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னான். எனக்கு ஸ்லைடு அவசரம். "ரெஜிஸ்டர்ல இருக்கறதத்தான் நான் போடுவேன், போய் உங்க சூப்பர்வைசராண்ட சொல்லு" என்று தலையைத் தூக்காமல் சொன்னேன். அவன் போய்விட்டான். எட்டாம் ஸ்லைடு அடுத்த மாதமும் சிவப்பாகவே வந்தது.

இப்படியிருக்க, நவம்பரில் எங்கள் பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். திங்கட்கிழமை ஆடிட்டுக்கு வருகிறோம், உங்கள் ஸ்லைடுகள் வேண்டாம், அவற்றில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் விளக்கத் தாள் வேண்டும் என்று. ராஜசேகரன் சார் அதை என் மேஜையில் போட்டார்.

"ஒண்ணுமில்ல ரோஸி, இருக்கற பதினாலு ஸ்லைடையும் ஒரே ஷீட்டா மாத்திடுங்க. அளவோட பேர், பார்முலா, நம்பர் எங்கேர்ந்து வருது, எத்தன நாளைக்கு ஒரு தரம் ரிப்போர்ட் பண்றோம், யார் பொறுப்பு. அஞ்சு கட்டம். பொறுப்பான ஆள் கையெழுத்து. அரை நாள் வேல."

அரை நாளாம்! ஆண்டவரே, செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தவள் வெள்ளிக்கிழமை மதியம் வரை தொண்டை வற்ற அலைந்தேன். ஸ்லைடில் நம்பர் இருக்கிறது. அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கேட்டதற்கு என்மேல் கோபம் வேறு.

மூன்றாம் ஸ்லைடு, மெஷின் ஓடிய நேரம் 92 சதவீதம். எந்த நேரத்தில் 92? மெயின்டனன்ஸில் கேட்டேன். கரன்ட் போன நேரத்தைக் கழித்துவிட்டு மிச்ச நேரத்தில் என்றார்கள். புரொடக்‌ஷனில் கேட்டேன். கரன்ட் போனதும் சேர்த்துத்தான் என்றார்கள். இருவரும் ஒரே நம்பரைத்தான் இத்தனை நாளும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் ஸ்லைடு, சொன்ன தேதிக்குச் சரக்கு அனுப்பியது 98. தேதி என்பது பில் போட்ட தேதியாம். பில் போட்ட சரக்கு லாரி கிடைக்காமல் கேட்டுக்குள்ளேயே மூன்று நாள் கிடந்தாலும் 'அனுப்பியாச்சு'. கேட் பாஸ் தேதியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், 81 வந்தது. பதினோராம் ஸ்லைடு இன்னும் அழகு. வாடிக்கையாளர் புகார் பூஜ்ஜியம். எப்படி? லெட்டரில் வந்தால்தான் புகாராம், போனில் கத்தினால் அது புகார் இல்லையாம். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுது என்பானாம். பதினான்கு மாதம் அந்தக் கேனையன் நான்தான்.

வியாழக்கிழமை எட்டாம் ஸ்லைடுக்கு வந்தேன். அதில் சிக்கல் இருக்காது என்று நினைத்தேன். ரிஜெக்‌ஷன் என்றால் கழித்த பீஸை நூறால் பெருக்கி, செய்த பீஸால் வகுப்பது. குழந்தைகூடச் சொல்லும். பார்முலா கட்டத்தில் அடித்துவிட்டேன். அடுத்த கட்டம், நம்பர் எங்கிருந்து வருகிறது. அங்கேதான் கை நின்றது.

மேலே உள்ள நம்பர், கழித்த பீஸ், இன்ஸ்பெக்‌ஷன் ரெஜிஸ்டரிலிருந்து வருகிறது. எந்த ஷிப்ட்டில் சோதித்தார்களோ அந்த ஷிப்ட்டின் பெயரில் ஏறும். கீழே உள்ள நம்பர், செய்த பீஸ், புரொடக்‌ஷன் ரெஜிஸ்டரிலிருந்து வருகிறது. எந்த ஷிப்ட்டில் பிரஸ்ஸிலிருந்து எடுத்தார்களோ அந்த ஷிப்ட்டின் பெயரில் ஏறும். இரண்டு ரெஜிஸ்டர், இரண்டு விதமான ஷிப்ட். காலையில் செய்த பீஸைக் காலையிலேயே சோதித்து முடித்தால் பரவாயில்லை. முடிக்கிறார்களா?

பால்ராஜைத் தேடிப் போனேன். மதிய ஷிப்ட்டில் சோதிப்பவர் அவர்தான். பெரிய வாய் கிடையாது, தடித்த மூக்குக்கண்ணாடி உண்டு. அவருடைய ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பல வரிகளின் ஓரத்தில் பென்சிலில் 'பா' என்று ஓர் எழுத்து. அதை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன்! பால்ராஜ் என்பதன் முதல் எழுத்து, மனுஷன் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"ஏன் பால்ராஜ் அண்ணே, உங்க ஷிப்ட் பூரா நீங்கதானே பாக்கறீங்க. சில வரிக்கு மட்டும் பேரு போடறீங்க, சிலதுக்குப் போடலயே?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பேரா? இன்னா ரோஸி, அது பாக்கி. பாக்கி டிராலி மாலு."

"எது பாக்கி?"

"கார்த்தால ஷிப்ட்டு மாலு. ரெண்டு ரெண்டரைக்கு மேல எடுத்த பீஸு சூடா இருக்கும், ஆறணும், அப்பறம் பிசிறு வெட்டணும். அத டிராலில வெச்சுட்டுப் போயிடுவாங்க. தடி மாலுன்னா இன்னும் லேட்டு, நாலாம் நம்பர் பிரஸ்ஸு பீஸெல்லாம் முக்காவாசி டிராலிலதான் நிக்கும். நம்ம ஷிப்ட்டுல நாந்தான் அத்தப் பாக்கறேன். ராவுக்கு வேற ஷிப்ட்டு இல்லியே, அதனால நம்ம மாலும் நாமளே முடிச்சுட்டுத்தான் போவணும். பின்னால யாராவது கேட்டா இது நம்ம மாலு இல்லன்னு சொல்லத்தான் பென்சில்ல ஒரு 'பா'."

"பின்னால யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கலியே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ரெஜிஸ்டராலேயே என் தலையில் நான் அடித்துக்கொண்டிருப்பேன். அங்கேயே உட்கார்ந்து ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துப் போட்டேன். அக்டோபர் பதினாலு. இரண்டு ஷிப்ட்டும் ஆளுக்கு ஆயிரம் பீஸ் செய்திருந்தார்கள். காலையில் சோதித்தது எழுநூறு, கழித்தது இருபத்தெட்டு. அந்த இருபத்தெட்டை ஆயிரத்தால் வகுத்தோம், 2.8 வந்தது. பச்சை! மிச்சம் முந்நூறு பாக்கி டிராலியில் மதிய ஷிப்ட்டுக்கு வந்தது. மதியம் சோதித்தது ஆயிரத்து முந்நூறு, கழித்தது ஐம்பத்திரண்டு. அதை ஆயிரத்தால் வகுத்தோம், 5.2. சிவப்பு. ஆனால் அந்த ஐம்பத்திரண்டில் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் 'பா' இருந்தது. அதைக் காலைக்கே திருப்பிக் கொடுத்தால் அங்கே நாற்பது, இங்கே நாற்பது. இரண்டும் நான்கு. அப்புறம் அக்டோபர் மாதம் முழுக்கப் பிரித்தேன். காலை 4.1, மதியம் 3.9. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அம்மா சொல்வாள். இங்கே பழியைச் சுமக்க டிராலி வைத்திருந்தோம்.

எட்டாம் வரியை அழித்து மறுபடி அடித்தேன். அளவு: ஷிப்ட் வாரியாகக் கழிவு சதவீதம். பார்முலா: அந்த ஷிப்ட்டில் செய்த பீஸ்களில் கழிந்தவை, எந்த ஷிப்ட்டில் சோதித்தாலும், வகுத்தல் அந்த ஷிப்ட்டில் செய்து சோதித்து முடித்த பீஸ், பெருக்கல் நூறு. எங்கிருந்து: இன்ஸ்பெக்‌ஷன் ரெஜிஸ்டர், செய்த ஷிப்ட் என்ற புதுக் கட்டத்தோடு, டிராலியில் ஷிப்ட் சீட்டு கட்டாயம். எப்போது: தினமும் பதிவு, வாரம் ஒரு தரம் ஷிப்ட் ஆட்களுக்கு, மாதம் ஒரு தரம் ரிவ்யூவுக்கு. பொறுப்பு: இரண்டு சூப்பர்வைசர்களும்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்துக்கு இருவரையும் மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டோம். நான் கணக்கைச் சொல்லச் சொல்ல ராஜசேகரன் சார் முகம் மாறியது. சந்தோஷத்தில் இல்லை. இதுவரை மதிய ஷிப்ட்தான் வியாதி என்று மேலே சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார், இனி இரண்டு ஷிப்ட்டும் சிவப்பு.

"இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் இல்ல ரோஸி?" என்றார் என்னைப் பார்த்து.

"தெரிஞ்சிருக்கணும் சார். எனக்கும், உங்களுக்கும்," என்றேன். வாய் என்னைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

துலுக்கானம் தலையைச் சொறிந்தார். "மாப்ள, சத்தியமா எனக்குத் தெரியாதுய்யா. மாலு சூடா கீதுன்னு வெச்சுட்டுப் போனேன், அவ்ளோதான்," என்றார். உண்மைதான், அதில் பொய் இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வேம்புலி பேனாவைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். தாளை மெதுவாக விரல் வைத்துப் படித்தார். அந்தக் கறுப்பு நகம் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தது.

"மெமோவை வாபஸ் வாங்கிக்கறேன் வேம்புலி. உங்க போஸ்ட்டுக்கு இனி ஒண்ணும் இல்ல. சைன் பண்ணுங்க, ரோஸி பைல் பண்ணணும்," என்றார் மேனேஜர்.

"அளவு கீது. பார்முலா கீது. எங்கேர்ந்து எடுக்கறது, எப்ப எடுக்கறது, எல்லாம் கீது," என்றார் வேம்புலி. "நாகப்பன் எங்க சார் கீறான் இதுல?"

மேனேஜருக்கு யார் நாகப்பன் என்றே ஞாபகம் வரவில்லை. நான் சொன்னேன்.

"கான்ட்ராக்ட் ஆள்தானே? அதப் பின்னாடி பாத்துக்கலாம்ப்பா. திங்கக்கெழம ஆடிட்டு இருக்கு."

"அவனத் தொரத்துனதும் இந்த நம்பர்தான் சார். தப்புன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அவன் மறுபடி வரட்டும், நான் கையெழுத்துப் போடறேன்."

"வேம்புலி, உங்க வேலையே இப்பத்தான் தப்பிச்சிருக்கு. வம்பு பண்ணாதீங்க."

"அது தப்பிச்சுக்கிச்சு சார்," என்று பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "என் வேலையக் காப்பாத்திக்கத்தான் அவன் மேல சீட்டு எழுதிக் குடுத்தேன். என் கையாலதான் எழுதுனேன். இப்ப அவன உட்டுட்டு இதுலயும் ஒடனே கையெழுத்துப் போடணுமா?"

குரலை உயர்த்தவேயில்லை. மேனேஜர்தான் உயர்த்தினார். மெமோ, ஒழுங்கு நடவடிக்கை, இன்னும் என்னென்னவோ சொன்னார். பொறுப்புக் கட்டத்தில் கையெழுத்து இல்லாத தாளைத் திங்கட்கிழமை எப்படிக் காட்டுவது என்று அவருக்கே உறைத்த பிறகு குரல் இறங்கியது. கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு நாகப்பனைத் திரும்ப எடுக்கச் சொன்னார். துலுக்கானம் அதுவரை எழுந்து போகாமல் மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேம்புலியே பஸ் ஏறித் திருமழிசை போயிருக்கிறார். நாகப்பன் பூந்தமல்லியில் ஒரு டயர் கடையில் இருக்கிறான் என்று அவன் வீட்டில் சொல்ல, அங்கே போய்ப் பிடித்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆடிட்டர் வருவதற்கு அரைமணி முன்னால், இருவரும் என் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். தாளை நீட்டினேன். வேம்புலி வாங்கி, கோடு போட்ட இடத்தில் நிறுத்தி நிதானமாகப் பெயரை எழுதினார்.

எனக்கு நிம்மதி வந்துவிட்டது. நல்லதைச் செய்த பெருமைகூட வந்துவிட்டது. "பாத்தீங்களா நாகப்பன், கடைசியில கண்டுபுடிச்சுட்டோம். உங்க தப்பே இல்ல. கார்த்தால ஷிப்ட்டு பாக்கி மாலு உங்க தலையில ஏறியிருக்கு," என்றேன்.

நாகப்பன் வேம்புலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னான்.

"அன்னிக்கு வாசல்ல நின்னு அதத்தானேக்கா சொன்னேன்."

ஆடிட்டர் வந்தார், தாளைப் பார்த்தார், எட்டாம் வரி நன்றாக இருக்கிறது, இதை யார் எழுதியது என்று கேட்டார். ராஜசேகரன் சார் என்னைக் காட்டினார். நான் தலையைத் தூக்கவில்லை.